திருகி மூடும் கிரவுன்: மரை கோணலாக ஏறாமல் மூடுவது எப்படி?

டைவர் வாட்ச்சின் பின்மூடியில் 200 மீட்டர் என்று போட்டிருந்தாலும், அது நேரம் திருப்பும் குமிழான கிரவுனை முழுதாகத் திருகி மூடிய நிலைக்குத்தான் பொருந்தும். திறந்திருந்தால் வாளித் தண்ணீர்கூட உள்ளே போகலாம். கிரவுனுக்கும் அது ஏறி உட்காரும் குழாய்க்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பல வாட்ச்களில் கிரவுன் கடைசிவரை இறங்கினால்தான் அது சரியாக அழுந்தும். மூடாத கிரவுன், நீந்தும்போது எதிலாவது பட்டு வெளியே இழுபடவும் செய்யும்.

சீகோ எஸ்கேஎக்ஸ் 007-ஐ வைத்துப் பார்ப்போம். இதில் கிரவுன் 4 மணிப் பக்கம் இருக்கும்.

1. வாட்ச்சைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டியபடியே இழுத்தால் கோணலாக இழுபட்டு உள்ளேயிருக்கும் மெல்லிய தண்டு வளையலாம். கை ஈரமாக இருந்தால் துடைத்துவிடுங்கள்.

2. வாட்ச் முகம் மேலேயும் கிரவுன் வலப்பக்கமும் இருக்கப் பிடித்து, கிரவுனை உங்களை நோக்கி, அதாவது இடஞ்சுழியாகத் திருப்புங்கள். மரை விட்டதும் ஸ்பிரிங் அதைத் தானாக வெளியே தள்ளும். முதல் இழுப்பில் தேதியும் கிழமையும், இரண்டாவதில் நேரம். தேதியை மாற்றும் முன் முள்ளை 6 மணிக்குக் கொண்டுவந்துவிடுங்கள்; இரவு 9-லிருந்து அதிகாலை 4 வரை தேதிப் பற்கள் பிடித்திருக்கும், அப்போது திருப்பினால் உடையலாம்.

3. மூடுவதுதான் முக்கியம். கிரவுனை உள்ளே தள்ளி, லேசாக அழுத்தியபடியே முதலில் இடஞ்சுழியாகவே மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் சின்னதாக 'டக்' என்று இறங்குவது விரலுக்குத் தெரியும். மரையின் தொடக்கம் பொருந்திய இடம் அதுதான். அங்கிருந்து அழுத்தத்தை விடாமல் வலஞ்சுழியாகத் திருகுங்கள்.

4. வழுவழுவென்று சில சுற்று ஏற வேண்டும். அரைச் சுற்றிலேயே இறுகினாலோ, கிரவுன் சாய்ந்து நின்றாலோ மரை கோணலாகப் பிடித்திருக்கிறது. பலம் கொடுக்காமல் கழற்றி மறுபடி தொடங்குங்கள். பலம் கொடுத்தால் மரை வழுக்கிப்போய், கிரவுன் சரியாக மூடாமலே போய்விடும்.

5. விரல் நுனியால் இறுகும்வரை போதும். குறடு வைத்து முறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது ரப்பரை நசுக்கத்தான் உதவும்.

சரி, மூடிவிட்டதா என்று எப்படித் தெரியும்? பக்கவாட்டில் பாருங்கள்: கிரவுனுக்கும் வாட்ச் உடலுக்கும் இடையே மரை தெரியக்கூடாது. நகத்தால் இழுத்தால் அசையக்கூடாது. தண்ணீருக்குள் இருக்கும்போது மட்டும் தப்பித்தவறியும் திறக்காதீர்கள்.

திறந்தபடி குளித்துவிட்டீர்களா? கண்ணாடி மேல் ஒரு சொட்டு ஐஸ் தண்ணீர் வைத்து, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். உள்பக்கம் பனி படிந்து விலகாமல் நின்றால் ஈரம் உள்ளே போயிருக்கிறது. வெயிலில் வைத்தால் பனி மறையும், ஆனால் ஈரம் வெளியேறாது. உள்ளேயே இருந்து துருவாகும். அதனால் உடனே கடைக்குக் கொண்டுபோய்ப் பின்மூடியைத் திறந்து உலர்த்தச் சொல்லுங்கள். கடல் தண்ணீர் என்றால் அன்றைக்கே. அப்புறம், கிரவுனின் ரப்பர் வளையத்தையும் மாற்றி, தண்ணீர் அழுத்தச் சோதனை செய்து வாங்குங்கள்.