வாக்கியம் செருகும் வினா: அடுத்த வாக்கியத்தைப் பார்க்காத தவறு

ஆங்கில வாசிப்புத் தேர்வுகளில் ஒரு பத்தியில் நான்கு இடங்களைக் குறித்துவிட்டு, தனியாக ஒரு வாக்கியத்தைத் தந்து, அது எந்த இடத்தில் பொருந்தும் என்று கேட்பார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் நடத்தும் மாலை வகுப்பில் இந்த வினாவில் மதிப்பெண் இழப்பவர்களில் பெரும்பாலோர் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். புதிய வாக்கியம் முந்தைய வாக்கியத்தோடு சேர்கிறதா என்று பார்ப்பவர்கள், அது வந்து உட்கார்ந்த பிறகு அடுத்த வாக்கியத்தின் சுட்டுப்பெயர் எதைக் குறிக்கிறது என்று பார்ப்பதில்லை.

அருகிலுள்ள பழைய துறைமுகமான அரிக்கமேட்டைப் பற்றி வகுப்புக்காக நான் எழுதிய பத்தி இது. விளக்கத்துக்காகத் தமிழில் தருகிறேன்.

"1945இல் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்தினார். [1] இத்தாலியில் செய்யப்பட்ட சிவப்பு மண்கலங்களின் உடைசல்கள் அங்கே கிடைத்தன. [2] அவை செய்யப்பட்ட காலம் முன்பே தெரிந்திருந்ததால், அவற்றை வைத்து வீலர் அவ்வூரின் காலத்தைக் கணித்தார். [3] பின்னர் 1947 முதல் 1950 வரை கசால் அங்கே தோண்டினார். [4]"

செருக வேண்டிய வாக்கியம்: "அதே ஆண்டில் மது கொண்டுவரப் பயன்பட்ட ஜாடிகளின் துண்டுகளும் அகப்பட்டன."

பலர் [2] என்றே எழுதுகிறார்கள். உடைசல்கள் கிடைத்தன, ஜாடித் துண்டுகளும் அகப்பட்டன என்று படிக்கும்போது காதுக்கு இயல்பாக இருக்கிறது. "துண்டுகளும்" என்பதிலுள்ள உம்முக்கும் முன்னால் ஒரு பொருள் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த இடத்தில் செருகிய உடனே, அடுத்த வாக்கியத்தின் "அவை" சிவப்புக் கலங்களை விட்டு ஜாடிகளைச் சுட்டத் தொடங்குகிறது. காலத்தைக் கணிக்க உதவியவை ஜாடிகள் என்று பத்தியின் செய்தியே மாறிவிடுகிறது. ஒட்டியிருந்த இரண்டு வாக்கியங்களைப் பிரித்ததுதான் இங்கே நேர்ந்த பிழை.

[1]இல் வைத்தால் உம்முக்கு முன்னால் வேறு கண்டெடுப்பு எதுவும் இல்லை. [4]இல் தடுப்பது காலச்சொல்: "அதே ஆண்டில்" என்பதற்குத் தனியாக ஓர் ஆண்டு முன்னால் இருக்க வேண்டும், அங்கே இருப்பதோ 1947 முதல் 1950 வரையிலான காலநீட்சி. [3]இல் வைத்தால் வீலரின் பணி முழுவதும் ஓரிடத்தில் முடிந்து, "பின்னர்" என்னும் சொல் வழக்கம்போல் அடுத்த கட்டத்தைத் திறக்கிறது. ஆகவே அதுவே விடை. ஆண்டு மூன்று வாக்கியங்களுக்கு முன்னால் இருப்பதைக் கண்டு தயங்க வேண்டாம். இடையில் வேறு ஆண்டு குறுக்கிடாதவரை காலச்சொல் அவ்வளவு தூரம் எட்டும்.

ஆங்கிலப் பத்தியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழில் "முன்பே தெரிந்திருந்தது" என்று சொல்லும் இடத்தில் ஆங்கிலம் பெரும்பாலும் 'ஹேட்' என்னும் துணைவினையை மட்டும் வைத்துவிட்டுப் போகும். செருக வேண்டிய வாக்கியத்தில் அது இருந்தால், அது சொல்லும் செயல் பத்தியின் வேறு ஒரு கடந்தகால நிகழ்வுக்கு முந்தியது என்று கொண்டு, அந்த நிகழ்வு எந்த வாக்கியத்தில் இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். அந்த வாக்கியத்தை ஒட்டிய இடங்களைச் சோதித்த பிறகு மற்றவற்றுக்குப் போகலாம்.