தஞ்சைப் பெரிய கோயில் படத்தை அதே மாதிரி எடுக்க: ஸ்கிரீன்ஷாட்டில் உள்ள எண்களைப் படிக்கும் முறை

ஊருக்குப் போய்வந்த சொந்தக்காரர் ஒருவர் பெரிய கோயில் விமானத்தை அந்தி நேரத்தில் எடுத்துக் குடும்பக் குழுவில் போடுவார். கல் பொன்னிறமாக ஒளிர, பின்னால் வானம் ஆழ்ந்த நீலம். "எப்படி எடுத்தீங்கண்ணே?" என்று கேட்டால், படத்தின் விவரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிடுவார். அடுத்த பள்ளி விடுமுறைக்கு சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் நாம் அதை வைத்துக்கொண்டு அதே படத்தை எப்படி எடுப்பது என்பதுதான் இங்கே விஷயம்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

```
14 Dec  20:37
f/4   1/30 s   ISO 1600
24 mm   -0.7 ev
```

f/4 என்பது லென்ஸின் துளை. எண் பெரிதாகப் பெரிதாகத் துளை சிறுக்கும். 1/30 என்பது ஷட்டர் திறந்திருந்த நேரம், ஒரு வினாடியில் முப்பதில் ஒரு பங்கு. சில செயலிகள் இதையே 0.033 என்று காட்டும், பதற வேண்டாம். ISO 1600 உணர்திறன். 24 mm லென்ஸின் குவியத் தூரம், எண் சிறிதானால் காட்சி அகலமாகும். -0.7 ev என்பதைப் பார்த்துத்தான் பலர் தடுமாறுகிறார்கள். கேமரா தானாகக் கணித்த வெளிச்சத்தைவிடக் கொஞ்சம் குறைத்து எடுத்திருக்கிறார் என்று அர்த்தம். அந்தக் குறைப்பு மற்ற மூன்று எண்களுக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. மேனுவல் முறையில் அந்த மூன்றையும் அப்படியே வைத்தால் போதும், இதைத் தனியாக இன்னொரு முறை குறைக்கக் கூடாது.

இப்போது நேரத்துக்கு வருவோம். இரவு 8:37-க்கு வானம் நீலமாக இருக்க வாய்ப்பே இல்லை. தஞ்சையில் டிசம்பர் நடுவில் சூரியன் மறைவது சுமார் 5:50-க்கு. என்ன நடந்திருக்கும்? கைப்பேசி இறங்கிய நாட்டின் நேரத்துக்குத் தானாக மாறிக்கொள்ளும், கேமரா மாறாது. அது சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டரை மணி நேரத்தைக் கழித்தால் மாலை 6:07. அதாவது சூரியன் மறைந்து 17 நிமிடம் கழித்து எடுத்த படம்.

என் கணக்கில் இந்த ஸ்கிரீன்ஷாட்டின் மிக முக்கியமான எண் இந்த 17தான். விமானத்தின் மேல் விழுவது மின்விளக்கு வெளிச்சம், அது மாலை முழுக்க ஒரே அளவில் இருக்கும். ஆகவே f/4, 1/30, ISO 1600 என்று வைத்தால் கல்லின் வெளிச்சம் அன்றைக்கு வந்த மாதிரியே வரும். வானம் அப்படியில்லை. சூரியன் மறைந்த பிறகு அதன் வெளிச்சம் மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை ஏறக்குறைய பாதியாகிக்கொண்டே போகும். அதே எண்களோடு பத்து நிமிடம் முன்னால் எடுத்தால் வானம் வெளுத்துப்போகும், பத்து நிமிடம் பிந்தினால் கருத்துப்போகும். கல்லை அந்த மூன்று எண்கள் தீர்மானிக்கின்றன, வானத்தைக் கடிகாரம் தீர்மானிக்கிறது.

அதனால் 6:07 என்று குறித்துக்கொண்டு போவதில் பயனில்லை. நீங்கள் ஜூன் விடுமுறையில் போனால் தஞ்சையில் சூரியன் மறைவது சுமார் 6:35-க்கு. அதோடு 17-ஐக் கூட்டினால் 6:52. போகும் நாளின் மறைவு நேரத்தை வானிலைச் செயலியில் பார்த்துக்கொண்டு, கால் மணி நேரம் முன்பே அவர் நின்ற இடத்தைப் பிடித்துவிடுங்கள். கோயில் கிழக்கு பார்த்தது. கோபுர வாசல் பக்கம் நின்று விமானத்தைப் பார்த்தால் எதிரே மேற்கு வானம், வெளிச்சம் கடைசியாக விடைபெறும் பக்கம். விமானத்துக்குப் பின்னால் நின்று கிழக்கே பார்த்தால் அதே நிமிடத்தில் வானம் கூடுதலாக இருண்டிருக்கும். படத்தில் நந்தி மண்டபம் எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்து அவர் எங்கே நின்றார் என்பதைக் கண்டுகொள்ளுங்கள்.

சரி, உங்கள் கையில் அதே கேமரா இல்லையென்றால்? துளை எண்கள் 1.4, 2, 2.8, 4, 5.6, 8 என்று போகும். ஒவ்வொரு படியிலும் வெளிச்சம் பாதியாகும், இதைத்தான் ஒரு ஸ்டாப் என்பார்கள். பெரும்பாலான கைப்பேசிகளில் துளையை மாற்ற முடியாது, முதன்மை கேமரா f/1.8 வாக்கில் நிற்கும். f/4-இலிருந்து அங்கே வர இரண்டேகால் ஸ்டாப்புக்குச் சற்றுக் கூடுதல், அதாவது ஐந்து மடங்கு வெளிச்சம். எனவே 1/30-ஐ அப்படியே வைத்து ISO-வை ஐந்தால் வகுத்து 320 என்று வையுங்கள். கைப்பேசியின் ப்ரோ முறையில் இது முடியும். நைட் மோடில் முடியாது, அது பல படங்களை அடுக்கிச் சேர்ப்பதால் அதில் காட்டும் எண்களுக்கும் வரும் படத்துக்கும் நேர்த்தொடர்பு இருக்காது. அனுப்பியவர் நைட் மோடில் எடுத்திருந்தாலும் இதே கதைதான்.

கேமராவோடு வரும் 18-55 லென்ஸ் என்றால் 18-இல் f/4 வைக்கலாம், எண்களை மாற்றவே தேவையில்லை. சிறிய சென்சார் என்பதால் அதன் 18, முழு அளவு சென்சாரில் சுமார் 27-க்குச் சமம். அவருடையது முழு அளவு சென்சார் கேமரா என்றால், இது ஸ்கிரீன்ஷாட்டில் உள்ள 24-ஐவிடச் சற்று நெருங்கிய காட்சி. சில அடி பின்னால் போனால் சரியாகிவிடும். 55 வரை இழுத்தால் f/5.6-தான் கிடைக்கும். அப்போது ஒரு ஸ்டாப் குறையும், ISO-வை 3200 ஆக்க வேண்டும். தவிர 55-இல் 1/30-ஐக் கையில் பிடித்து எடுத்தால் அசைந்த படம் வர வாய்ப்பு அதிகம்.

கோயில் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பதால் முக்காலி வைக்க முன்கூட்டியே அனுமதி வேண்டும். 1/30-உம் ISO 1600-உம் ஏன் என்பது இப்போது புரியும், கையில் பிடித்து எடுத்தவரின் எண்கள் அவை. ஏதாவது ஒரு சமதளத்தில் பையை வைத்து அதன்மேல் கேமராவை அசையாமல் நிறுத்த முடிந்தால் 1/8, ISO 400 என்று மாற்றுங்கள். வெளிச்சம் அதேதான், ISO குறைவதால் படத்தில் மணல்போலத் தெரியும் புள்ளிகள் குறையும். நடந்து போகிறவர்கள் மட்டும் கலங்கித் தெரிவார்கள்.

இன்னொன்று, அனுப்பியவர் படத்தை எடிட் செய்து வெளிச்சத்தைக் கூட்டியிருக்கலாம். விவரப் பக்கத்தில் எண்கள் மாறாமல் பழையபடியே நிற்கும். எண்களைச் சரியாக வைத்தும் கல் ஒரே சீராக இருட்டாக வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கிளம்பும் முன்பே எடிட் செய்யாத மூலப்படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாகப் படமாக அனுப்பினால் இந்த விவரங்கள் உதிர்ந்துவிடும்.

இங்கேயே ஒரு மாலை பழகிப் பார்க்கலாம். சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் கோபுரத்தின் எதிரே ஏழு மணிக்கெல்லாம் போய் நின்று, மூன்று எண்களையும் மாற்றாமல் மூன்று நிமிடத்துக்கு ஒரு படம் எடுங்கள். விளக்கு எரியத் தொடங்கிய பிறகு கோபுரம் மாறாமல் இருக்க, வானம் மட்டும் படிப்படியாக இறங்குவது தெரியும். அப்புறம் கேமராவின் கடிகாரத்தை, திருச்சியில் போய் இறங்கியதும் இரண்டரை மணி நேரம் பின்னால் தள்ளி வையுங்கள். நாளைக்கு உங்கள் ஸ்கிரீன்ஷாட்டைக் கேட்பவருக்குக் கழித்துப் பார்க்கும் வேலை இருக்காது.