டாக்சிசைக்ளின் மாத்திரை: கடையிலிருந்து வீட்டுக்குப் போன பிறகு நடக்கும் தவறுகள்

மாத்திரைக் கவரின் மேல் 1-0-1 என்று எழுதிக் கொடுப்பது எங்கள் மருந்துக் கடைப் பழக்கம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று அர்த்தம். பல மாத்திரைகளுக்கு அது போதும். டாக்சிசைக்ளினுக்குப் போதாது என்பதை ஒரு கார்த்திகை மாதத்தில்தான் நான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

வேலூர் பக்கம் மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதங்களில் உண்ணிக் காய்ச்சல் அதிகம் வரும். மருத்துவர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய பூச்சிக் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு என்று மறைவான இடமாகப் பார்த்து இருக்கும். அதனால் தேடினால்தான் தெரியும். அதற்குக் கொடுக்கும் முதல் மருந்து டாக்சிசைக்ளின். பெரியவர்களுக்கு வழக்கமாக 100 மி.கி. ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஏழு நாள்.

அணைக்கட்டு பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவருக்கு அந்தச் சீட்டுதான். மாட்டுக்குப் புல் அறுக்கப் போனவர். ஐந்து நாள் காய்ச்சல், இடுப்பில் வேட்டி கட்டுகிற இடத்தில் கறுப்புப் பொருக்கு. கவரில் 1-0-1 எழுதி, "சாப்பிட்டுட்டுப் போடுங்க பெரியப்பா" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள் காலையில் அவர் மகன் ஓடி வந்தார். "விடிகாலையில எழுந்தாரு, மார் நடுவுல தீ வச்ச மாதிரி எரியுதுன்றாரு. எச்சில் முழுங்கினாகூட குத்துதாம்பா." மாரடைப்போ என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடி இ.சி.ஜி. எடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்றும் இல்லை. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "நேத்து ராத்திரி மாத்திரையை எப்படிப் போட்டீங்க?"

எட்டு மணிக்கே களி சாப்பிட்டுவிட்டார். மாத்திரை ஞாபகம் வந்தது பத்தரை மணிக்கு, பாயில் படுத்த பிறகு. தலையை மட்டும் தூக்கி, சொம்பில் அடியில் இருந்த ஒரு மடக்குத் தண்ணீரோடு போட்டு அப்படியே தூங்கிவிட்டார்.

உணவுக்குழாய் நெஞ்சுக்குள் இறங்கும் வழியில், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் வளைந்து அதை லேசாக அழுத்தும் இடம் ஒன்று உண்டு. நீர் போதாமல் போன மாத்திரை அங்கேதான் பெரும்பாலும் தங்கும். விழித்திருந்தால் எச்சில் விழுங்கி விழுங்கிக் கொஞ்சமாவது நகரும். தூங்கும்போது நாம் எச்சில் விழுங்குவதே மிகக் குறைவு, உடலும் கிடையாக இருக்கிறது. மாத்திரை அங்கேயே கரைகிறது. டாக்சிசைக்ளின் கரைந்த நீர் எலுமிச்சைச் சாறு அளவுக்குப் புளிப்பானது. அந்த நீர் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் பட்டுக்கொண்டிருந்தால் உள்சவ்வு வெந்து புண்ணாகும். கேப்சூல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஈர உதட்டில் ஒரு கேப்சூலை வைத்துப் பாருங்கள், ஒட்டிக்கொள்ளும். உள்ளேயும் அப்படித்தான் ஒட்டும்.

அவர் மாத்திரையை மருத்துவர் நிறுத்தி, அஸித்ரோமைசினுக்கு மாற்றினார். புண்ணுக்கு அமிலம் குறைக்கும் மருந்தும் கொடுத்தார். இரண்டு நாள் மோர்சாதம் ஆறவைத்துச் சாப்பிட்டார், ஒரு வாரத்தில் வலி போய்விட்டது. பெரும்பாலும் இப்படித்தான் ஆறிவிடும். ஆனால் தண்ணீரே இறங்கவில்லை, வாந்தியில் ரத்தம், மலம் தார் போலக் கறுப்பு என்றால் அது காத்திருக்கும் விஷயமில்லை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

அன்றிலிருந்து நான் டாக்சி கொடுக்கும் கவரில் 1-0-1 எழுதுவதில்லை. "காலை 7, மாலை 7" என்று எழுதுகிறேன். இரவு வேளை என்பது தூங்கும் வேளை இல்லை. மாலை ஏழு மணிக்கு டிபனோ சோறோ சாப்பிட்டுவிட்டு, முதலில் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துத் தொண்டையை நனைத்து, பிறகு நின்றோ நிமிர்ந்து உட்கார்ந்தோ மாத்திரையைப் போட்டு, ஒரு பெரிய டம்ளர் நிறைய, அதாவது 200 மி.லி.க்குக் குறையாமல், தண்ணீர் குடித்துவிட வேண்டும். அடுத்த அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது, ஒரு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. காய்ச்சலில் சுருண்டு கிடப்பவரைத் தூக்கி உட்காரவைக்க ஆள் வேண்டும். அந்த வேலையை வீட்டில் ஒருவர் பொறுப்பாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். உட்காரவே முடியாத அளவு சோர்வு, ஓயாத வாந்தி, மூச்சு வாங்குதல், பேச்சில் தடுமாற்றம் என்றால் வீட்டில் மாத்திரை போட்டுப் பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது. ஊசி மூலம் மருந்து ஏற்ற வேண்டியிருக்கும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு. மாத்திரை போட்டதும் வயிறு எரிகிறது என்று, கடையில் கிடைக்கும் இளஞ்சிவப்பு நிற ஜெல் மருந்தை மேலேயே ஊற்றிக்கொள்கிறார்கள். அதில் இருக்கும் அலுமினியமும் மெக்னீசியமும் டாக்சியைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. மாத்திரை உள்ளே போனதுதான் மிச்சம், காய்ச்சல் இறங்காது. இரும்புச்சத்து மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இரண்டு மூன்று மணி நேர இடைவெளி விட வேண்டும். வெறும் வயிற்றில் குமட்டல் வரும் என்பதால் சாப்பாட்டுக்குப் பின் போடுவதுதான் சரி. பால் டம்ளரோடு விழுங்காமல் தண்ணீரோடு விழுங்கினால் போதும்.

வெயில் விஷயத்துக்கு வருகிறேன். முகப்பருவுக்காக டாக்சி சாப்பிட்டு வந்த கல்லூரி மாணவி ஒருவர், காட்பாடியிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வேலூருக்கு வருபவர், மார்ச் மாதத்தில் கடைக்கு வந்து இரண்டு கைகளையும் நீட்டினார். புறங்கை மட்டும், சுடிதார் கை முடிகிற இடத்தில் கோடு போட்டது போல, கறுத்துத் தடித்திருந்தது. "தண்ணி பட்டாலே எரியுதுக்கா" என்றார். உள்ளங்கையிலும் முழங்கைக்கு மேலும் ஒன்றுமே இல்லை. சாதாரண மருந்து அலர்ஜியாக இருந்தால் பெரும்பாலும் இப்படி வெயில் பட்ட இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து வராது. முகத்துக்கு ஹெல்மெட் கண்ணாடியும் துப்பட்டாவும் இருந்தன. ஹேண்டில்பாரைப் பிடித்த கைக்கு எந்த மறைப்பும் இல்லை.

தோலில் இருக்கும் டாக்சி, வெயிலின் புறஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு அங்கேயே தோலைச் சுடுகிறது. சூடு அதற்குக் காரணமில்லை. அதனால்தான் மார்கழி மாதத்து இதமான வெயிலிலும், மேகம் மூடிய பகலிலும், பஸ் ஜன்னல் கண்ணாடி வழியாகவும் இது நடக்கும். நம் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைப்பதும் தவறு. வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரிவது நம் தோலில் எரிச்சலாகவும் கறுப்பாகவும்தான் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். சிலருக்கு நகம் சதையிலிருந்து தூக்கிக்கொண்டு வலிக்கும், அதுவும் இதே காரணம்தான்.

அந்தப் பெண் தோல் மருத்துவரைப் பார்த்த பிறகு பருத்திக் கையுறை போட்டுக்கொண்டார். எஸ்.பி.எஃப். 30-க்கு மேல் உள்ள, எல்லாப் புறஊதாக் கதிரையும் தடுக்கும் சன்ஸ்க்ரீனைப் புறங்கை, காது, பின்கழுத்து வரை பூசினார். கழனி வேலை செய்பவர்களிடம் நான் கிரீம் பேசுவதில்லை. முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, காலை பத்து மணிக்குள் வேலையை முடித்தல், இது போதும். மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள், காய்ச்சல் விட்டதுமே மல்லாட்டை பிடுங்கக் கிளம்பிவிடுவார்கள், மாத்திரை இன்னும் நான்கு நாள் பாக்கி இருக்கும். அந்த நான்கு நாள்தான் தோல் சுடும் நாள். கொப்புளம் வந்தால் மாத்திரை தந்த மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் தவறு வேறு திசையில் நடக்கிறது. அதே பெரியவர் வீட்டுப் பேத்திக்கு, ஐந்து வயது, இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல். காதுக்குப் பின்னால் பொருக்கு இருப்பதைக் குழந்தை மருத்துவர் பார்த்து டாக்சி எழுதினார். வீட்டில் பாட்டி கொடுக்க விடவில்லை. "அந்த மாத்திர போட்டா கொழந்தைக்குப் பல்லு கறுத்துடும்." ஒரு நாள் முழுக்க வெறும் காய்ச்சல் மருந்திலேயே போனது.

பாட்டி சொன்னது பழைய டெட்ராசைக்ளின் பற்றிய உண்மை. வளரும் பல்லில் அது சுண்ணாம்போடு சேர்ந்து படிந்து, நிரந்தரக் கறை வைத்தது. டாக்சி அதே குடும்பம்தான், ஆனால் சுண்ணாம்பை அவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பதில்லை. 8 வயதுக்குள் டாக்சி சாப்பிட்ட 58 குழந்தைகளின் பற்களை, சாப்பிடாத 213 குழந்தைகளோடு ஒப்பிட்டு 2015-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. அந்தக் கறை ஒரு குழந்தைக்கும் இல்லை. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017-ல் தந்த வழிகாட்டலும், இந்தக் காய்ச்சலுக்கு எந்த வயதிலும் டாக்சிதான் முதல் மருந்து என்கிறது. மருந்து தாமதமானால் நுரையீரல், மூளை வரை போகக்கூடிய காய்ச்சல் இது. ஆனால் இந்த அனுமதி குறுகிய கால மருந்துக்குத்தான். மூன்று வாரத்தைத் தாண்டி மாதக்கணக்கில் சிறு குழந்தைக்குக் கொடுக்க இதைச் சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. தாத்தாவுக்கு மிச்சமான மாத்திரையில் பாதி உடைத்துக் கொடுப்பதும் கூடாது.

அளவு எடையைப் பொறுத்தது. வேளைக்குக் கிலோவுக்கு 2.2 மி.கி. அந்தக் குழந்தை 16 கிலோ, அதனால் வேளைக்கு 35 மி.கி. மருத்துவரே செய்முறையை எழுதியிருந்தார். சாதாரண 100 மி.கி. மாத்திரை ஒன்றை 20 மி.லி. தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, கட்டி இல்லாமல் நசுக்க வேண்டும். கலக்கியபடியே ஊசி இல்லாத சிரிஞ்சில் 7 மி.லி. எடுத்தால் 35 மி.கி. வரும். கலக்காமல் எடுத்தால் மருந்து அடியில் தங்கிவிட்டு வெறும் மஞ்சள் தண்ணீர்தான் வரும். கடை மேசையிலேயே ஒரு முறை செய்து காட்டினேன். கசப்புக்கு ஒரு ஸ்பூன் வெல்லப் பாகு. கொடுத்த பிறகு இங்கேயும் தண்ணீர், இங்கேயும் உடனே படுக்கவைக்கக் கூடாது.

குழந்தையின் அம்மா மறுநாள் மாலை போன் செய்தார், காய்ச்சல் 99-க்கு வந்துவிட்டது என்று. பொதுவாக 48 மணி நேரத்துக்குள் இறங்கும். இறங்காவிட்டால், கண்டுபிடித்த நோய் சரிதானா என்று மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும். அந்த வீட்டில் இறங்கிய பிறகும் நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த ஏழு நாளும் கொடுத்தார்கள். சிரிஞ்சைப் பிடித்துக் கொடுத்தது பாட்டிதான்.