ஃபெயிலியர் வரை போகணுமா? எத்தனை ரெப்புக்கு முன்னால் நிறுத்துவது?

ஜிம்மில் "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று மாஸ்டர் சத்தம் போட, கை நடுங்க நடுங்கத் தூக்கினால்தான் தசை வளரும் என்று புதிதாகச் சேர்பவர்கள் பலர் நம்புகிறார்கள். அதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்தபடி கால்களை நீட்டி எடை தூக்கும் லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினை வைத்து உங்கள் அளவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று காட்டுகிறேன்.

எடையை ஒருமுறை தூக்கி இறக்குவது ஒரு ரெப், ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்யும் ரெப்கள் ஒரு செட். முழு முயற்சி போட்டும், ஃபார்ம் கெடாமல் அடுத்த ரெப்பை முடிக்க முடியாத நிலைதான் ஃபெயிலியர். எரிச்சல் வந்துவிட்டால் ஃபெயிலியர் என்று நினைக்க வேண்டாம். 15 ரெப்புக்கு மேல் போகும் செட்டில் எரிச்சல் வெகு முன்னாலேயே வந்துவிடும்.

தூக்கத் தொடங்கும்போது உடல் சிறிய தசைநார்களை முதலில் வேலைக்கு அழைக்கும். அவை களைக்கக் களைக்கத்தான் பெரியவை சேர்ந்துகொள்ளும். கடைசிச் சில ரெப்களில் ஏறக்குறைய எல்லா நார்களும் பளுவைத் தாங்கி நிற்கும். அதனால் ஃபெயிலியருக்குப் பக்கத்தில் போவது அவசியம். ஆனால் அதைத் தொட்டே ஆக வேண்டுமா? 2024-ல் வெளியான ஓர் ஆய்வில், ஏற்கெனவே பயிற்சி செய்து பழகியவர்கள் 8 வாரம் ஒரு காலை ஃபெயிலியர் வரையும், இன்னொரு காலை ஒன்றிரண்டு ரெப் மிச்சம் வைத்தும் பழக்கினார்கள். இரண்டு கால்களிலும் தொடைத் தசை ஏறக்குறைய ஒரே அளவுதான் வளர்ந்தது. களைப்பு மட்டும் ஃபெயிலியர் வரை போன காலில் அதிகம்.

சரி, ஒன்றிரண்டு மிச்சம் என்பதை எப்படி அறிவது? இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள். மூன்றுதான் மிச்சம் என்று நினைக்கும்போது உண்மையில் அதைவிட அதிகம் இருக்கலாம். அதனால் முதலில் ஒரு சோதனை.

படி 1. லெக் எக்ஸ்டென்ஷனில் இரண்டு வார்ம்-அப் செட். பிறகு 12 ரெப் அளவுக்கு வரும் என்று தோன்றும் எடையை வையுங்கள். நம் உதாரணத்துக்கு 35 கிலோ. இந்த மெஷினைச் சொல்வதற்குக் காரணம், கால் நின்றுபோனால் எடை கீழே இறங்கிவிடும், அவ்வளவுதான். மேலே எதுவும் விழாது.

படி 2. எட்டாவது ரெப்பில் "இன்னும் எத்தனை?" என்று மனதில் ஓர் எண்ணைச் சொல்லிக்கொண்டு நிறுத்தாமல் தொடருங்கள். மூன்று என்று சொன்னதாக வைத்துக்கொள்வோம். ஒன்பது, பத்து, பதினொன்று சாதாரணமாகவே போகிறது. பன்னிரண்டில் கால் தானாக மெதுவாகிறது. பதின்மூன்று பாதியில் தயங்கி, மெல்ல மேலே போகிறது. பதினான்கு பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஆக முடித்தது 13. நீங்கள் சொன்னது மூன்று, இருந்தது ஐந்து.

இடுப்பு சீட்டிலிருந்து எழும்பினாலோ, காலை உதறித் தூக்கினாலோ அந்த ரெப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 3. அடுத்த பயிற்சி நாளில் அதே 35 கிலோவில் மூன்று செட், நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. முதல் செட்டை 11-ல் நிறுத்துங்கள், இரண்டு ரெப் மிச்சம். அடுத்த செட்களில் எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளாமல் வேகத்தைக் கவனியுங்கள். முழு பலம் கொடுத்தும் ரெப் தெளிவாக மெதுவானால் நிறுத்த வேண்டிய இடம் வந்துவிட்டது.

மூன்று செட்டையும் ஃபெயிலியர் வரை செய்தால் 13, 10, 7 என்று சரியலாம். மொத்தம் 30. இரண்டு மிச்சம் வைத்தால் 11, 10, 9 என்று போகலாம். அதுவும் 30தான். வேலை குறையவில்லை, ஆனால் அடுத்த உடற்பயிற்சிக்குக் கால் தெம்பாக இருக்கும். ஒவ்வொரு செட்டையும் ஃபெயிலியருக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு ஆறுவதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். அடுத்த முறை அதே எடையில் ரெப் குறைந்தால், அதுதான் அறிகுறி.

பெரும்பாலோருக்கு ஒன்று முதல் மூன்று ரெப் மிச்சம் போதும். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ் என்றால் இரண்டு, மூன்று மிச்சம் வைப்பேன். பெஞ்சில் துணைக்கு ஆள் இல்லாதபோது தயவுசெய்து ஃபெயிலியரைத் தொடாதீர்கள், பார் நெஞ்சிலேயே தங்கிவிடும். பைசெப்ஸ் கர்ல், லெக் எக்ஸ்டென்ஷன் போன்றவற்றில் கடைசி செட்டை மட்டும் ஃபெயிலியர் வரை கொண்டுபோவதில் தவறில்லை. வீட்டில் லேசான டம்பெல்தான் இருக்கிறது, 25 ரெப் போகிறது என்றால் இன்னும் நெருங்க வேண்டும். மூன்று மிச்சம் அங்கே போதாது, ஒன்றுக்கு வாருங்கள். தசையைவிட பலம்தான் குறி என்றால் இவ்வளவு நெருங்கவே தேவையில்லை, எடையைக் கூட்டுவதுதான் முக்கியம்.

படி 4. மூன்று செட்டிலும் 12 ரெப் முடித்து இன்னும் இரண்டு மிச்சம் இருக்கிறது என்று தோன்றினால் எடையைக் கூட்ட மெஷினின் பின்னை ஒரு துளை கீழே மாற்றுங்கள். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை படி 2-ஐ மறுபடி செய்து, உங்கள் கணிப்புக்கும் உண்மைக்கும் இடையே எத்தனை ரெப் வித்தியாசம் என்று நோட்டில் எழுதி வையுங்கள். அது ஒன்றுக்குள் வந்துவிட்டால் அந்த மெஷினுக்குச் சோதனை போதும், அடுத்ததற்குப் போகலாம்.