தொடக்க உரையை எதிர் அணியின் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்குங்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்துத் தமிழ் வழிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் விவாதப் போட்டிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். முதன்முறை மேடையேறும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். சான்று நன்றாக இருக்கும். ஆனால் அந்தச் சான்று தலைப்பை நிறுவாது, வேறு எதையோ நிறுவும். அதைச் சரிசெய்வது எப்படி என்று ஒரே ஒரு தலைப்பை வைத்துக் காட்டுகிறேன்.

தலைப்பு இது: "நிலத்தடி நீர் எடுக்கும் ஆலைக்கு அனுமதி தரும் அதிகாரம் கிராமப் பஞ்சாயத்துக்கே வேண்டும்." நாம் ஆதரவு அணி. தொடக்க உரைக்கு 4 நிமிடம்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தத் தலைப்பைக் கேட்டதும், எங்கள் பக்கத்துப் பெருமாட்டிப் பஞ்சாயத்தில் குளிர்பான ஆலைக்கு எதிராக மக்கள் போராடிய பிளாச்சிமடைதான் நினைவுக்கு வரும். வரட்டும், நல்ல சான்றுதான். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கொண்டுவந்த முதல் வரைவில், குளிர்பான ஆலை வந்ததும், கிணறுகள் கெட்டதும், குடத்தோடு பெண்கள் நடந்ததும், மயிலம்மா போராட்டத்துக்கு முன்னால் நின்றதும் உருக்கமாக இருந்தன. முழுசாக இரண்டு நிமிடம். படித்து முடித்ததும் நான் ஒரே கேள்வி கேட்டேன்: "சரிம்மா, ஆலை கெடுதல் செய்தது. அதனால் அனுமதி அதிகாரம் ஏன் பஞ்சாயத்துக்குப் போக வேண்டும்? கலெக்டரிடம் இருந்தால் ஆகாதா?" அவளிடம் பதில் இல்லை.

முதலில் எதிர் அணியின் தாளை எழுதுங்கள்

உங்கள் வாதத்தைத் தொடுவதற்கு முன், ஒரு வெள்ளைத் தாளில் எதிர் அணி சொல்லக்கூடியதை எழுதுங்கள். மூன்று போதும். இந்தத் தலைப்புக்கு எங்களுக்குக் கிடைத்தவை இவை. பஞ்சாயத்திடம் நீரை அளக்கும் நிபுணர் கிடையாது. நிலத்தடி நீர் பஞ்சாயத்து எல்லையில் நிற்காது. எங்கள் பக்கம் மாநில எல்லையில்கூட நிற்காது, மீனாட்சிபுரம் தாண்டினால் தமிழ்நாடு. மூன்றாவது, ஊர்த் தகராறும் பணமும் சேர்ந்தால் பஞ்சாயத்து வேண்டியவர்களுக்கு அனுமதி கொடுத்துவிடும்.

இந்த மூன்றில் எது நம்மை உண்மையிலேயே சாய்க்கும் என்று பாருங்கள். முதலாவதுதான். காரணம், அதற்கு எதிர் அணியின் கையில் வலுவான சான்று இருக்கிறது. பிளாச்சிமடை ஆலை வழக்கில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2003 டிசம்பரில், நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து, அதைக் காக்கும் கடமை அரசுக்கும் பஞ்சாயத்துக்கும் உண்டு என்று சொன்னார். ஆனால் 2005 ஏப்ரலில் அதே நீதிமன்றத்தின் இருவர் அமர்வு, நிபுணர் குழு அறிக்கையை வைத்து, ஆலை ஒரு நாளைக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. நாம் 2003ஐ மட்டும் சொல்லி உட்கார்ந்தால், அடுத்து எழுந்திருப்பவர் 2005ஐச் சொல்வார். நடுவர் நம்மை நம்பவே மாட்டார். பாதித் தீர்ப்பை மறைத்த அணி என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால், மற்ற சான்றுகளும் சேர்ந்து விழும்.

வாதத்தைச் சுருக்குங்கள்

எதிர் அணியின் அந்த அடி தெரிந்த பிறகுதான் நம் வாதத்துக்கு வடிவம் கிடைக்கும். "எல்லாம் பஞ்சாயத்தே பார்த்துக்கொள்ளும்" என்று விரித்துச் சொன்னால் தாக்குப்பிடிக்காது. நாங்கள் இப்படிச் சுருக்கினோம்: "நீரை அளப்பது நிலத்தடி நீர்த் துறையின் வேலை. அந்த அளவைப் பார்த்துவிட்டு அனுமதி தரலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது பஞ்சாயத்தின் உரிமை." தலைப்பு கேட்பது அனுமதி அதிகாரத்தைத்தான், ஆய்வுக்கூடத்தை இல்லை. ஆகவே இது தலைப்பை வளைப்பதாகாது. தலைப்பின் சொல்லையே மாற்றும் அளவுக்குச் சுருக்கினால் மட்டும் நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பார். இந்த வரையறையை உரையின் முதல் அரை நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். நடுவில் சொன்னால் தப்பிக்கப் பார்ப்பதுபோல் இருக்கும்.

வாதத்துக்கும் சான்றுக்கும் நடுவே ஒரு வரி

இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற படி. வாதம் ஒரு வரி, சான்று இரண்டு மூன்று வரி, அப்புறம் "இது ஏன் என் வாதத்தை நிறுவுகிறது என்றால்" என்று தொடங்கும் ஒரு வரி. அந்தக் கடைசி வரியை எழுத வரவில்லை என்றால், சான்று தப்பான சான்று. எழுதிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அந்த மாணவியும் நானும் பிளாச்சிமடைக் கதையை மறுபடி எடுத்து, தேதிகளை மட்டும் வரிசையாக எழுதினோம். 2000இல் ஆலை தொடங்கியது. 2002 ஏப்ரலில் மக்கள் போராட்டம் தொடங்கியது. 2003 ஏப்ரலில் பெருமாட்டிப் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. தனி நீதிபதியின் தீர்ப்பு அந்த டிசம்பரில். வறட்சியைக் காட்டி மாநில அரசு கட்டுப்பாடு விதித்தது 2004 பிப்ரவரியில். மார்ச்சில் ஆலை நின்றது.

வரிசையைப் பார்த்ததும் அவளே சொன்னாள்: "சார், எல்லாருக்கும் முன்னாடி பஞ்சாயத்துதான் வேண்டாம்னு சொல்லியிருக்கு!" அதுதான் நாங்கள் தேடிய வரி. உரையில் அது இப்படி வந்தது:

"கிணற்றுக்கு அருகில் இருப்பவருக்கே ஆபத்து முதலில் தெரியும். 2003 ஏப்ரலில் பெருமாட்டிப் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. மாநில அரசு கட்டுப்பாடு விதித்தது பத்து மாதம் கழித்து. இது ஏன் என் வாதத்தை நிறுவுகிறது என்றால், முடிவெடுக்கும் அதிகாரம் தொலைவில் இருந்தால் அந்தப் பத்து மாதமும் நீர் போய்க்கொண்டே இருக்கும்."

கிணறு கெட்ட கதை இப்போது இரண்டு நிமிடம் இல்லை, ஒரு வாக்கியம். மனது கேட்காதுதான், ஆனாலும் வெட்ட வேண்டும்.

இரண்டாவது வாதத்துக்கு அரசியலமைப்பை எடுத்தோம். 1992இன் 73ஆவது திருத்தம் கொண்டுவந்த பதினோராம் அட்டவணையில் நீர் மேலாண்மையும் குடிநீரும் பஞ்சாயத்துகளுக்குரிய பொருள்களாக இருக்கின்றன. இதைக் கவனமாகச் சொல்ல வேண்டும். அட்டவணையில் இருப்பதாலேயே அதிகாரம் வந்துவிடாது, மாநிலச் சட்டம் அதைக் கொடுக்க வேண்டும். "ஏற்கெனவே அதிகாரம் இருக்கிறது" என்று சொன்னால் எதிர் அணி பிடித்துக்கொள்ளும். "அரசியலமைப்பே காட்டும் திசை இது" என்று சொன்னால் நிற்கும்.

மறுப்பை எங்கே வைப்பது

மூன்று எதிர்வாதத்துக்கும் தொடக்க உரையிலேயே பதில் சொல்லப் போகாதீர்கள். எதிர் அணிக்குத் தோன்றாததை நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும். கட்டாயம் வரப்போகிற ஒன்றுக்கு மட்டும், இரண்டு வாதமும் முடிந்த பிறகு, முக்கால் நிமிடம் ஒதுக்குங்கள்:

"எதிர் அணியினர் 2005 தீர்ப்பைச் சொல்வார்கள். 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது உண்மை. எவ்வளவு எடுக்க முடியும் என்பதற்கு நிபுணர் சொன்ன பதில் அது. அந்த அளவை எங்கள் அணியும் கேட்கிறது. ஆனால் எடுக்க விடலாமா என்பது வேறு கேள்வி. அதற்கு அந்த நீரைக் குடிப்பவர்கள் பதில் சொல்ல வேண்டும்."

எதிர் அணியின் பலமான வரியை முழுதாக, நேர்மையாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போவதைக் கவனியுங்கள். அதை மெலிய வைத்துச் சொன்னால் பதிலும் மெலிந்துவிடும்.

நேரக் கணக்கு: வரையறைக்கு அரை நிமிடம், முதல் வாதத்துக்கு ஒன்றரை, இரண்டாவதற்கு ஒன்று, மறுப்புக்கு முக்கால், முடிப்பதற்குக் கால். என் பிள்ளைகள் நிமிடத்துக்கு 80, 90 சொல் பேசினால் தெளிவாகக் கேட்கிறது. அதற்குமேல் போனால் தேதிகள் நடுவர் காதில் விழுவதில்லை. மீதி இரண்டு எதிர்வாதங்களும் அவற்றுக்கான பதிலும் எழுதிய தாளை இரண்டாம் பேச்சாளரிடம் கொடுத்துவிடுங்கள். அவை வந்தால் அவர் எடுப்பார், வராவிட்டால் மடித்தபடியே இருக்கட்டும்.