அப்பா போனும் பீரோவில் ஒரு தாளும்

மன்னார்குடியில் இருக்கும் அப்பாவின் கூகுள் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு போட்டபோது, எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி வந்தால் போதும் என்று விட்டுவிட்டேன். போன் வாய்க்காலில் விழுந்தது, சிம்மும் போச்சு, டூப்ளிகேட் சிம் கிடைக்கும்வரை புது போனில் உள்ளே நுழைய வழியே இல்லை.

இப்போது கணக்கின் Security பக்கத்தில், 2-Step Verification-க்குள் இருக்கும், ஓடிபிக்குப் பதிலாகக் கொடுக்கும் Backup codes-ஐ அச்செடுத்து நிலப்பத்திரத்தோடு பீரோவில் வைத்திருக்கிறேன். எட்டு இலக்கத்தில் 10 எண்கள் வரும், ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும், பயன்படுத்தியதைப் பேனாவால் அடித்துவிட வேண்டும். புதிதாக எடுத்தால் பழைய தாள் செல்லாது, கிழித்துவிடுங்கள்.

எல்லா பாஸ்வேர்டையும் சேர்த்துப் பூட்டி வைக்கும் பாஸ்வேர்டு மேனேஜருக்கு பிட்வார்டன். அதன் முதன்மை பாஸ்வேர்டு மறந்தால் அந்த நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது, அதனால் அதையும் எழுதி பீரோவில், ஆனால் வேறு உறையில். போனைத் திறக்கக் கைரேகை வைத்துப் பார்த்தேன். வயல் வேலையில் தேய்ந்த விரல், பாதி நேரம் எடுக்கவில்லை, நடவு சமயத்தில் சுத்தமாக இல்லை. அப்புறம் ஆறு இலக்க பின் நம்பர் வைத்தோம். "அம்மா பொறந்த தேதி வேண்டாம்ப்பா" என்றேன், முறைத்தார்.