மோட்டார் அலைன்மென்ட்: டயல் காட்டும் அளவுக்கே ஷிம் போடாதீர்கள்

பம்புக்கு மோட்டாரை அலைன் செய்ய வரும் புதியவர்கள் நேராக லேசரைக் கப்ளிங்கில் மாட்டிவிடுகிறார்கள். அளவு வருகிறது, போல்ட்டை இறுக்கினால் மாறுகிறது, மறுபடி இறுக்கினால் வேறு அளவு. லேசரில் கோளாறு இல்லை, மோட்டாரின் கால் பேஸில் சரியாக உட்காரவில்லை. இதுதான் சாஃப்ட் ஃபுட்.

டயல் அளவே ஷிம் அளவு என்று எடுத்துக்கொள்வது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். நான்கு போல்ட்டையும் இறுக்கிவிட்டு, டயலைக் காலின் மேல் வைத்து, அந்த ஒரு போல்ட்டை மட்டும் தளர்த்திப் பார்ப்பார்கள். அதுவரை சரி. கால் 0.05 மி.மீ.க்கு மேல் எழும்பினால் கவனிக்க வேண்டும். ஆனால் 0.20 காட்டியதும் காலுக்கடியில் 0.20 ஷிம் தகட்டைத் தள்ளி இறுக்கிவிடுகிறார்கள்.

ஒரு மோட்டாரில் அப்படிப் போட்டதும் எதிர்மூலைக் கால் எழும்பியது. அதற்கும் ஷிம், அப்புறம் பக்கத்துக் காலுக்கும் ஷிம் என்று ஒரு ஷிப்ட் முழுக்க ஓடிப்போனது. கடைசியில் ஷிம்களை எல்லாம் எடுத்துவிட்டு, முதல் காலின் நான்கு மூலையிலும் ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தால், உள்விளிம்பில் இடைவெளியே இல்லை, வெளிவிளிம்பில் 0.25. கால் சாய்ந்திருக்கிறது! அங்கே தட்டையான ஷிம் போட்டால் உள்விளிம்புதான் அதன் மேல் ஏறி நிற்கும், வெளியே இடைவெளி அப்படியே இருக்கும், போல்ட்டை இறுக்க இறுக்க மோட்டார் உடலே முறுக்கிக்கொள்ளும், பேரிங் அடிவாங்கும்.

இப்படிப்பட்ட காலுக்கு 0.05 தகடுகள் நான்கை, ஒன்றைவிட ஒன்று குட்டையாக வெட்டி, வெளிப்பக்கத்திலிருந்து படிபோல் செருக வேண்டும். நிலையான தீர்வு காலை மெஷினில் சமப்படுத்துவதுதான். நான்கு மூலையிலும் ஒரே இடைவெளி இருந்தால் மட்டுமே முழு ஷிம். எதுவாக இருந்தாலும் ஒரு காலைச் சரிசெய்ததும் மற்ற மூன்றையும் மறுபடி பாருங்கள்.

துருவும் பெயின்ட்டும்

சுரண்டி எடுங்கள்.

மெல்லிய தகடுகளை அடுக்குவது

ஒரு காலுக்கு நான்கு தகட்டுக்கு மேல் வேண்டாம், ஸ்பிரிங் மாதிரி அமுங்கும்.

கைக்கு எட்டிய போல்ட்டை முதலில் இறுக்குவது

எதிர்மூலை வரிசையில் போங்கள். முதல் சுற்றில் பாதி டார்க், அடுத்த சுற்றில் முழு டார்க். ஒவ்வொரு முறையும் அதே வரிசை, இல்லையென்றால் முந்தைய அளவோடு ஒப்பிடவே முடியாது.

குளிர்ந்த நிலையில் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது

ஓடும்போது மோட்டார் சூடாகி உயரும். காலிலிருந்து ஷாஃப்ட் மையம் வரை 315 மி.மீ., அந்தப் பகுதியின் சராசரி வெப்பம் 30-லிருந்து 65 டிகிரிக்குப் போகிறது என்றால், இரும்பு ஒரு டிகிரிக்கு விரியும் விகிதமான 0.000011 × 315 × 35, அதாவது சுமார் 0.12 மி.மீ. குளிர்ந்த தண்ணீர் பம்ப் அவ்வளவாக உயராது, ஆகவே மோட்டாரை 0.12 தாழ்த்தி வைக்க வேண்டும். சூடான திரவம் ஓடும் பம்ப், அதுவும் கால்கள் அடியில் உள்ள வகை என்றால், பம்பே அதிகம் உயரும், அப்போது மோட்டாரை உயர்த்தி வைக்க வேண்டும். மையக்கோட்டில் தாங்கப்பட்ட பம்ப் அதிகம் உயராது.

திரவத்தின் வெப்பத்தை அப்படியே கணக்கில் போடாதீர்கள். திரவம் 150 டிகிரி என்றாலும் பம்பின் கால் அவ்வளவு சூடாகாது. ஓடும் நிலையில் காலிலிருந்து மையம் வரை மூன்று நான்கு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். தயாரிப்பாளர் அளவு கொடுத்திருந்தால் முதலில் அதையே வைத்துக்கொள்ளலாம். நிறுத்தியதும் சூட்டோடு லேசரை மாட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. மாட்டி முடிப்பதற்குள் மோட்டார் ஆறத் தொடங்கிவிடும், அந்த அளவு உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டும்.